நூறில் பத்தா, நூற்றிருபதில் பத்தா

கீரனூரில் டயர் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத பிள்ளைகள் எந்தக் கணக்கில் வழுக்கி விழுந்தார்கள் என்று தினமும் படிப்பது என் தொழில். பி.எஸ்சி. கணிதம் படித்தவளுக்கு இந்த ஊரில் வேறென்ன கிடைக்கும்? ஒன்று திருச்சிக்கு பஸ் ஏற வேண்டும், இல்லை ஆனந்தராஜ் சாருடைய ஆன்லைன் பயிற்சி மையத்துக்கு மாடிப்படி ஏற வேண்டும். நான் படி ஏறினேன்.

வேலை இதுதான். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு எங்கள் ஆசிரியர்கள் அவரவர் வீட்டிலிருந்து சாட்டில் பாடம் நடத்துவார்கள். கேள்வி, பதில், சந்தேகம் எல்லாமே எழுத்தில்தான். பேச்சில் நடத்தினால் பாதி ஊர்களில் சிக்னல் அறுந்துபோகும். வகுப்பு முடிந்ததும் அந்த உரையாடல் முழுக்க அப்படியே பதிவாகி எங்களுக்கு வரும். மென்பொருள் ஒன்று அதை மூன்று தலைப்பில் சுருக்கிக் கொடுக்கும்: கற்றவை, தவறுகள், அடுத்த வகுப்புக்குப் பயிற்சி. நான் மூலப் பதிவை வைத்துக்கொண்டு அந்தச் சுருக்கத்தைச் சரிபார்த்துத் திருத்த வேண்டும். அடுத்த வகுப்பை வேறொரு ஆசிரியர்கூட எடுக்கலாம். அவர் பதிவைப் படிக்க மாட்டார், என் சுருக்கத்தைத்தான் படிப்பார். ‘கற்றவை’யில் ஏறிய பாடத்தை யாரும் மறுபடி தொடுவதில்லை. ஏறினால் ஏறியதுதான்.

இதில் என்னை எரிச்சல்படுத்துகிற சங்கதி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘சரிங்க சார்’.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் எதைச் சொன்னாலும் ‘சரிங்க சார்’ என்பார்கள். புரிந்தாலும் அதுதான், புரியாவிட்டாலும் அதுதான். அது மரியாதை. பெரியவர் ஒருவர் மெனக்கெட்டுச் சொல்லும்போது விளங்கவில்லை என்றால் அவரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று வீட்டில் பழக்கிவிட்டிருக்கிறார்கள். மென்பொருளுக்கு இந்தச் சூட்சுமம் தெரியுமா? ‘புரிந்ததா?’ என்று ஆசிரியர் கேட்க, ‘சரிங்க சார்’ என்று பிள்ளை சொன்னால், அது சமர்த்தாகக் கற்றவையில் ஏற்றிவிடும்.

அன்றைக்கு வந்தது வைஷ்ணவியின் பதிவு. பொன்னமராவதிக்குப் பக்கத்துக் கிராமம், பி.காம். முடித்தவள், குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறாள். பணம் கட்டுவது ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் பிரசாந்த். சேரும்போதே அவர் சொன்னதை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். “இந்த ஒரு பரீச்சைதான் சார். வந்துச்சுன்னா வேலை, இல்லாட்டி கல்யாணம்.” தங்கைக்கு வரும் சுருக்கம் அவருடைய வாட்ஸப்புக்கும் போய்விடும். பணம் கட்டுகிறவர் அல்லவா! தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. அவள் பதிவுகளை அதுவரை பார்த்துவந்த சுகுணா பிரசவத்துக்குப் போய்விட்டதால் முதல் தடவையாக என் கைக்கு வந்தது.

பாடம், சதவீதம். நடத்தியவர் ராமு சார். மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர் மாதிரியே பாடம் நடத்துவார். ஒரு பொருளின் விலை இருபது சதவீதம் ஏறி, பிறகு இருபது சதவீதம் இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். வைஷ்ணவி ‘மாற்றமில்லை சார்’ என்றாள். எல்லோரும் சொல்கிற பதில்தான். இல்லை, நான்கு சதவீதம் குறையும் என்று சொல்லி, உடனே ஒரு குறுக்குவழி கொடுத்தார். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி நூறால் வகு, அவ்வளவு குறைவு. ‘புரிந்ததா?’ ‘சரிங்க சார்.’

அடுத்து, பத்து ஏறி பத்து இறங்கினால்? ‘ஒரு சதவீதம் குறைவு சார்.’ சரியான விடை. ராமு சார் கைதட்டும் பொம்மை மூன்று போட்டிருந்தார்.

அடுத்தது, இருபது ஏறி பத்து இறங்கினால்? அவள் ‘இரண்டு சதவீதம் குறைவு’ என்றாள். இருபதையும் பத்தையும் பெருக்கி நூறால் வகுத்திருக்கிறாள். குறுக்குவழி கொடுத்த இடத்துக்குத்தானே போக முடியும்! ராமு சார் எழுதினார்: ‘தவறு. எட்டு சதவீதம் அதிகம். கவனமாகப் போடுங்கள்.’

இதற்குப் பிறகு வைஷ்ணவி எழுதியதைப் படித்ததும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

‘சார், அந்தப் பத்து சதவீதத்தை 100-ல எடுக்கணுமா, 120-ல எடுக்கணுமா?’

மொத்தப் பாடமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. விலை நூறிலிருந்து நூற்றிருபது ஆகிவிட்டது. இனிக் குறைவதெல்லாம் நூற்றிருபதிலிருந்துதான் குறையும். இது ஒன்று விளங்கினால் குறுக்குவழியே வேண்டாம். அந்தப் பெண் கதவு வரைக்கும் தானாக வந்து தட்டியிருக்கிறாள். ராமு சார் என்ன செய்தார்? ‘அதெல்லாம் யோசிச்சா டைம் போயிடும், ஃபார்முலா போடுங்க’ என்று எழுதிவிட்டு அடுத்த கணக்கைக் கொடுத்தார். அதுவும் ஐந்து ஏறி ஐந்து இறங்குகிற கணக்கு. அவள் சரியாகப் போட்டாள். ‘புரிந்ததா?’ ‘சரிங்க சார். நன்றி சார்.’

மென்பொருள் கொடுத்த சுருக்கத்தைப் பாருங்கள். கற்றவை: தொடர் சதவீத மாற்றம். தவறுகள்: கவனக்குறைவு, ஓரிடத்தில். பயிற்சி: பத்துக் கணக்குகள். பத்தும் ஒரே எண் ஏறி அதே எண் இறங்குகிற கணக்குகள்! பத்தையும் அவள் குறுக்குவழியில் சரியாகப் போட்டுவிடுவாள். அதைப் பார்த்து அடுத்த ஆசிரியர் சந்தோஷமாக லாப நட்டத்துக்குப் போவார். பரீட்சையில் ஏறுவது ஒன்றும் இறங்குவது வேறொன்றுமாக வரும்போது அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் கேட்ட கேள்வியோ சுருக்கத்தில் எங்குமே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

கற்றவை: ஒரே சதவீதம் ஏறி இறங்கும் கணக்கைச் சூத்திரத்தால் போடுகிறார். காரணம் தெரிந்து போடுவதற்கு ஆதாரம் இல்லை. தவறுகள்: இரண்டாவது சதவீதத்தை எந்தத் தொகையில் எடுப்பது என்பது விளங்கவில்லை. இதை மாணவியே கேட்டார், பதில் சொல்லப்படவில்லை. இது கவனக்குறைவு அல்ல. பயிற்சி: சூத்திரம் இல்லாமல் நூறில் தொடங்கி ஒவ்வொரு படியாக மூன்று கணக்கு, ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் ‘எதில்?’ என்று எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொட வேண்டும்.

படித்துப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது. அனுப்பும் முன் ஆனந்தராஜ் சாரிடம் காட்டினேன்.

அவர் முகம் சுருங்கியது. “ஏம்மா ஈஸ்வரி, ‘கற்றவை’யில ஒண்ணுமே இல்லையே.”

“கத்துக்கலையே சார்.”

“ஒரு மணி நேரம் நடத்திருக்காரு. மூணு பாயிண்டாவது போடும்மா. காசு கட்டுறவங்க பாக்குறாங்கள்ல?”

“சார், நடத்துறது வேற, கத்துக்கிறது வேற. அந்தப் புள்ள தானாச் செஞ்சு காட்டுனாத்தான கத்ததுன்னு எழுத முடியும்?”

“நீ வாத்தியார் மாதிரி யோசிக்கிற. நான் வாடகை கட்டுறவன் மாதிரி யோசிக்கிறேன்.” கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார். “அந்த ‘பதில் சொல்லப்படவில்லை’யை மட்டுமாவது எடு. ராமு சார் கோவிச்சுக்குவாரு.”

“எடுத்தா அடுத்த சார் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டாரே சார்.”

அவருக்கு போன் வந்தது. கையை அசைத்துக்கொண்டே வெளியே போனார். அது ‘செய்’ என்றா, ‘தொலை’ என்றா என்று நான் நின்று ஆராயவில்லை. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே ஷார்ஜாவிலிருந்து அழைப்பு வந்தது. ஆனந்தராஜ் சார் எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், நான் வெயில்ல நின்னு சம்பாரிச்சு அனுப்புறேன். இத்தன மாசம் படிச்சும் சதவீதமே வெளங்கலைன்னு நீங்களே எழுதிருக்கீங்க. அதுக்கு மேல என்னங்க சார்?”

“அப்புடி இல்லைங்க தம்பி, அது வந்து…”

“போன வாரம் வரைக்கும் எல்லாம் கத்துக்கிட்டான்னுதான வந்துச்சு? அப்ப அதெல்லாம் பொய்யா, இது பொய்யா? ஏதோ ஒண்ணு பொய். வேணாம் சார். நிறுத்திருங்க. மாப்ள வீட்டுக்காரங்கள இந்த வாரமே வரச் சொல்றேன்.”

அந்த மனிதரைத் திட்டவும் வழியில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. மெய்தான் எழுதினேன், அது போய் யார் தலையில் இடியாக விழுந்தது? ராமு சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு அடுத்த வகுப்பு இருக்கிறது. மென்பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேள்வி கேட்ட ஒருத்திக்குத்தான் வகுப்பு போயிற்று.

“பாத்தியா?” என்றார் ஆனந்தராஜ் சார். போனை வைத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அலுவலக போன் அடித்தது. மெல்லிய குரல், ஆனால் கோபமான குரல்.

“நான் வைஷ்ணவி பேசுறேன், பொன்னமராவதிலேருந்து. நேத்து அந்த ரிப்போட்ட எழுதுனது யாருங்க?”

“நான்தாம்மா. ஈஸ்வரி.” அழுவாள் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

“மேடம், நீங்க எழுதுனது எல்லாமே சரிதான். நான் அந்தக் கேள்விய கேட்டேன், பதில் சொல்லலைன்னு எழுதிருக்கீங்க. எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிருச்சு, ஒங்க ஆபீசுக்கே தெரிஞ்சிருச்சு, வகுப்பும் போயிருச்சு. இன்ன வரைக்கும் பதில ஒருத்தரும் சொல்லலையே மேடம்! நூறா, நூத்தியிருவதா?”

சுருக்கென்றது. அவ்வளவு நியாயம் பேசினேனே, அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அது என் வேலை இல்லை என்று என் மூளையே ஒதுக்கி வைத்திருக்கிறது.

“நூத்தியிருபது” என்றேன். “வெலை இப்ப அதுதான. இப்ப இருக்குறதுலேருந்துதான் கொறைப்பாங்க.”

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “அப்ப பன்னெண்டு கொறையும். நூத்தியெட்டு. அதான் எட்டு அதிகமா?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இருவதும் இருவதும்னா… நூத்தியிருவதுல இருவத்திநாலு போகும். தொண்ணூத்தாறு. அட, அதான் நாலு கொறையுதா! இத அந்த சார் அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?” என்றாள்.

சொல்லியிருக்கலாம். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை அவளிடம் காட்டி என்ன பயன்?

“பரீச்சை எழுதுவியாம்மா?”

“எழுதத்தான் போறேன். ஹால் டிக்கெட்ட யாரும் புடுங்க முடியாதுல்ல? மாப்ள வீடு வந்தா வந்துட்டுப் போகட்டும். எங்க ஆத்தாகிட்ட பரீச்சை முடியிற வரைக்கும் சம்மதம்னு வாயத் தொறக்காதன்னு சொல்லிட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, ஒண்ணு கேக்கட்டா? மாசக் கடைசி வரைக்கும் என் பழைய சாட்டெல்லாம் என் போன்ல தெறக்கும். எங்கெங்க நான் வெளங்காமயே ‘சரிங்க சார்’னு போட்டேன்னு எனக்குத்தான் தெரியும். அதக் குறிச்சு அனுப்புறேன். நேத்து எழுதுன மாதிரி எழுதித் தாறீங்களா? எதுல தப்பு, என்ன போட்டுப் பாக்கணும்னு. அண்ணனுக்குப் போகாம.”

யோசிப்பதற்கு முன்பே சரி என்று சொல்லி, என் போன் நம்பரையும் கொடுத்துவிட்டேன். ஆனந்தராஜ் சார் பக்கத்து மேஜையில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். “சாப்பாட்டு நேரத்துல நீ என்ன செய்யிறேன்னு நான் பாக்கல” என்றார். அவரிடம் இவ்வளவு கிடைத்ததே பெரிது.

சாயங்காலம் என் போனுக்குப் படங்கள் வரத் தொடங்கின. சாட் திரையைப் படம் பிடித்து, விளங்காமல் போட்ட ஒவ்வொரு ‘சரிங்க சார்’ பக்கத்திலும் சிவப்பில் சுழித்திருந்தாள். தனிவட்டியில் சுழி. விகிதத்தில் சுழி. மீ.சி.ம. பாடத்தில் ஒரே வகுப்பில் வரிசையாகச் சுழி. ஒவ்வொன்றையும் எங்கள் கோப்பில் ஒப்பிட்டுப் பார்த்தேன். சுழித்த பாடம் எல்லாமே கற்றவையில் இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பச்சை நிற ‘முடிந்தது’ முத்திரையோடு மாலை போட்டு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் உட்கார்ந்து, இத்தனை கணினி வைத்து, ஒரு பெண்ணுக்கு என்ன தெரியாது என்பதை இவ்வளவு ஒழுங்காக அழித்து வைத்திருக்கிறோமே!

கடைசியாக வந்த படம் முதல் வகுப்பினுடையது. ராமு சார் எழுதியிருந்தார்: ‘60-ல் 15 எத்தனை சதவீதம்? 15-ஐ 60-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 25. பேசிக்தான், தெரியும்ல?’

‘சரிங்க சார்.’

அதற்கும் சிவப்புச் சுழி. கீழே அவள் எழுதியிருந்தாள்: ‘அக்கா, எதுக்கு நூறால பெருக்குறோம்னு தெரியாது. எட்டாவதுலேருந்தே தெரியாது. முதல் நாளே கேட்டா சிரிப்பாங்கன்னு கேக்கல.’

ஆக, அத்தனை மாதமும் அஸ்திவாரம் இல்லாமலே மாடிக்கு மேல் மாடி எழுப்பியிருக்கிறார்கள். நாங்களும் ஒவ்வொரு மாடிக்கும் நிறைவுச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம். ஏழு வாரம். அதற்குள் எட்டாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது, கோபத்தில் வருமே அந்த அழுகை.

மாடிப்படியில் உட்கார்ந்து போனிலேயே எழுதினேன். கற்றவை என்ற தலைப்பை விட்டுவிட்டேன். தவறு: இது உன் தவறு இல்லை, யாரும் சொல்லாதது. பிறகு விளக்கம்: அறுபது பேர் பரீட்சை எழுதி பதினைந்து பேர் தேறினால், தேறியது நான்கில் ஒரு பங்கு. அறுபதுக்குப் பதில் நூறு பேர் எழுதியிருந்து, அதே பங்கு தேறியிருந்தால் எத்தனை பேர் என்று கேட்பதுதான் சதவீதம். அதனால்தான் பங்கை நூறால் பெருக்குகிறோம். பயிற்சி: நாற்பது பேர் எழுதிப் பத்துப் பேர் தேறினால்? ஐம்பதில் பத்து என்றால்? முதலில் பங்கைச் சொல், பிறகு நூறுக்குப் போ.

அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டாள். ‘எழுதுகிறார்’ என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. எனக்குத் தெரியும், என்ன வரும் என்று. ‘சரிங்க அக்கா’ என்று வரும். மரியாதைக்கு வரும், நான் மெனக்கெட்டதற்காக வரும், நான் மனம் நோகக் கூடாது என்பதற்காக வரும். அது மட்டும் வந்தால் போனைத் தூக்கிக் கீழே டயர் கடைக்குள் எறிந்துவிடுவது என்று இருந்தேன்.

வந்தது.

‘முதல் கணக்கு வந்துருச்சு அக்கா, 25. ஆனா “அதே பங்கு”ன்னு சொன்னீங்களே, அந்த எடம் புரியலைங்க. நூறு பேர் எழுதுனா அதே பங்குதான் தேறுவாங்கன்னு எப்புடித் தெரியும்?’

நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. என்ன பெண் இவள்! ‘புரியலைங்க’ என்று போட்டிருக்கிறாள். எங்கே புரியவில்லை என்றும் போட்டிருக்கிறாள். அவளுடைய பழைய பதிவுகளில் எத்தனையோ நன்றி இருந்தது, இப்படி ஒரு வரி இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது.

‘தெரியாதும்மா. நெசத்துல அப்புடித் தேறணும்னு இல்ல. ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக அப்புடி வச்சுக்கிறோம், அவ்வளவுதான்’ என்று தொடங்கினேன். நான் வீட்டுக்குப் போகும் ஏழரை மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போனால் போகட்டும் என்று மேலே எழுதிக்கொண்டிருந்தேன்.